பணம் வந்தது, நன்றி. ஆனால் ‘முழுத் தொகை’ என்று எழுதாதீர்கள்

“வணக்கம் மேடம். திருப்பூரில் வாட்டர்ப்ரூஃபிங், பெயிண்டிங் வேலைகளைக் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். ஜிஎஸ்டி பதிவு என் பெயரில்தான். ஒரு பனியன் கம்பெனிக்கு மொட்டைமாடி வேலை முடித்து 3,54,000 ரூபாய்க்கு பில் கொடுத்தேன். பேங்கில் 3,36,000 வந்திருக்கிறது. டிடிஎஸ் போக, 15,000 ரூபாயை மழை முடிந்த பிறகு தருவதாகப் பேச்சு. அக்கவுண்ட்ஸில் ரசீது கேட்கிறார்கள். ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், மிக்க நன்றி, தங்கள் மேலான ஆதரவு தொடர வேண்டும்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அடுத்து ஆகஸ்ட் 18 அன்று அவர்களுடைய தரைத்தொட்டிக்குள் கோட்டிங் அடிக்கப் பேசியிருக்கிறோம். ஓனர் வாயால் சரி சொல்லிவிட்டார், பர்ச்சேஸ் ஆர்டர், அதாவது பி.ஓ., வரவில்லை. அதையும் இதே மெயிலில் எழுதலாமா, அலைகிற மாதிரி இருக்குமா? போன வருஷத்து 4,720 ரூபாய் பில் ஒன்றும் அவர்களிடம் நிற்கிறது.”
— வாசகர், திருப்பூர்

தம்பி, நல்லவேளை, அனுப்புவதற்கு முன்னால் கேட்டீர்கள். அந்த ‘முழுத் தொகையும்’ என்பதை முதலில் அழித்துவிட்டு வாருங்கள், மற்றதை அப்புறம் பேசுவோம்.

நீங்கள் மரியாதைக்காக எழுதியது அது. ஆனால் அந்த மெயில் போய் விழப்போவது ஓனர் மனதில் இல்லை, அக்கவுண்ட்ஸ் ஃபைலில். இன்றைக்கு உங்களிடம் ரசீது கேட்கிற அந்தப் பெண்ணோ பையனோ ஜனவரியில் அங்கேயே இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. புதிதாக வந்து உட்காருபவர் 15,000 ரூபாய் கேட்டு நீங்கள் போன் செய்ததும் ஃபைலைப் புரட்டுவார், உங்கள் கையெழுத்தோடு ‘முழுத் தொகையும்’ என்று இருக்கும், “நீங்களே வாங்கிவிட்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே அண்ணா” என்பார். அவர் மேல் தப்பு சொல்ல முடியுமா? 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் 63ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வரவேண்டியதில் குறைவான தொகையை வாங்கிக்கொண்டு ‘இதோடு கணக்குத் தீர்ந்தது’ என்று ஒருவர் ஏற்றுக்கொண்டால், மிச்சத்தைக் கேட்க முடியாது என்கிறது அது. 5,000 ரூபாய் கடனுக்கு 2,000 வாங்கிக்கொண்டு தீர்ந்தது என்றால் தீர்ந்ததுதான் என்று அந்தச் சட்டமே உதாரணமும் கொடுக்கிறது. உங்கள் விஷயத்தில் 15,000 தனியாகப் பேசிவைத்தது என்று வாதாட இடம் இருக்கிறது, கட்டாயம் இருக்கிறது. ஆனால் 15,000 ரூபாய்க்கு யார் போய் வாதாடுவது?

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டரிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு மில்லுக்கு வயரிங் வேலை, 22,000 ரூபாய் பிடித்து வைத்திருந்தார்கள். நான் ரசீது எழுதும்போது அழகான கையெழுத்தில் ‘நிலுவை ஏதும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், யாரும் கேட்காமலே. ஏழு மாதம் நடந்து பாதிதான் வந்தது. முதலாளி திட்டவில்லை. அந்த ரசீதின் ஜெராக்ஸை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வேலையை விட்டு வரும்வரை அது அங்கேயே இருந்தது.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். வேலையின் அடிப்படைத் தொகை 3,00,000. அதில் 18 சதவீத ஜிஎஸ்டி 54,000. மொத்தம் 3,54,000. கம்பெனி உங்களைத் தனிநபராகக் கணக்கில் எடுத்து 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்திருக்கிறது, அதுவும் ஜிஎஸ்டியை விட்டுவிட்டு 3,00,000 மேல் மட்டும், ஆகவே 3,000. பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் இப்படித்தான் பிடிக்க வேண்டும், சரியாகச் செய்திருக்கிறார்கள். சில ஆபீஸ்களில் மொத்தத் தொகை மேல் பிடித்துவிடுவார்கள். அப்படி நடந்திருந்தால் 3,540 போயிருக்கும், உங்களுக்கு 3,35,460 தான் வந்திருக்கும். வங்கியில் வந்த தொகையைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம். அப்படிப் போனாலும் உங்கள் பான் எண்ணில் வரவு வந்தால் அந்தப் பணம் தொலைந்ததாகாது, ரசீதில் மட்டும் 3,540 என்றே எழுத வேண்டும். மிச்சம் 15,000, அது அடிப்படைத் தொகையில் 5 சதவீதம். எல்லாம் பொருந்துகிறது.

இப்போது ரசீது. நிறையப் பேர் செய்கிற தப்பு, பில் தொகையை அப்படியே ரசீதில் எழுதுவது. இன்னும் சிலர் வங்கியில் வந்ததை மட்டும் எழுதிவிட்டு விடுவார்கள். முதல் வகையில் கைக்கு வராத பணத்தை வாங்கியதாக ஆகிறது. இரண்டாவது வகையில் 18,000 ரூபாய் எங்கே போனது என்று வருஷக் கடைசியில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து தேட வேண்டியிருக்கிறது. வந்தது எவ்வளவு, பிடித்தது எவ்வளவு, நிற்பது எவ்வளவு என்று மூன்றையும் ஒரே தாளில் காட்டினால் அந்தத் தாளே போதும். இப்படி இருக்கட்டும். எண்களும் தேதிகளும் நான் போட்டவை, உங்களுடையதை மாற்றிக்கொள்ளுங்கள்:

ரசீது எண் 14, தேதி 29 ஜூலை
பெற்றுக்கொண்டது: (கம்பெனியின் முழுப் பெயர்), திருப்பூர்
எதற்காக: பில் எண் 22, 9 ஜூலை, மொட்டைமாடி வாட்டர்ப்ரூஃபிங்
பில் தொகை, ஜிஎஸ்டி சேர்த்து: 3,54,000
வங்கியில் வரவு, நெஃப்ட், 28 ஜூலை, யூடிஆர் எண் (…): 3,36,000
டிடிஎஸ் பிடித்தம், 3,00,000 மேல் 1%: 3,000
ஒப்பந்தப்படி நிறுத்திவைத்த தொகை: 15,000
இந்த பில்லில் இன்னும் வரவேண்டியது: 15,000

அந்தக் கடைசி வரிதான் உங்கள் காப்பு. யாரையும் குற்றம் சொல்லவில்லை, கடுமையாகவும் இல்லை, கணக்கு மட்டும்தான் பேசுகிறது. அவர்கள் இந்த ரசீதை வாங்கி ஃபைலில் போட்டு எதிர்ப்புச் சொல்லாமல் இருந்தாலே உங்களுக்கு ஒரு பலம்.

யூடிஆர் எண்ணை, அதாவது அந்தப் பணம் வந்ததற்கு வங்கி போடுகிற அடையாள எண்ணை, விட்டுவிடாதீர்கள். நெஃப்டில் வந்தால் அது 16 எழுத்தும் எண்ணும் கலந்தது, ஆர்டிஜிஎஸ் என்றால் 22, யூபிஐ அல்லது ஐஎம்பிஎஸ் என்றால் 12 இலக்கம். பார்த்தாலே எந்த வழியில் வந்தது என்று தெரியும். அவர்கள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து எடுக்காமல் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே எடுத்து எழுதுங்கள், ஏனென்றால் ஸ்கிரீன்ஷாட் அனுப்பிவிட்டார்கள் என்பதற்காக ரசீது கொடுக்கக் கூடாது, பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் ரசீது. அடுத்த தடவை செக் கொடுத்தால், ‘செக் எண் இன்னது பெறப்பட்டது, பணமான பிறகே இந்த ரசீது செல்லும்’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

கையெழுத்துப் போட்ட காகித ரசீதுதான் வேண்டும் என்று கேட்டால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்து பாதி ஸ்டாம்ப் மேலும் பாதி தாள் மேலும் விழுகிற மாதிரி போடுங்கள். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்கு அது வேண்டும். செக்கிலோ வங்கி வழியாகவோ வந்தால் வேண்டாம் என்று ஒரு பேச்சு உண்டு, முத்திரைச் சட்டம் ரசீது என்று சொல்லும்போது செக்கையும் சேர்த்தேதான் சொல்கிறது. ஒரு ரூபாய்தானே, ஒட்டிவிட்டுப் போங்கள்.

ஃபைலுக்குப் பெயர் வைப்பதும் வேலைதான். போனில் எடுத்து `IMG_20.jpg` என்று அனுப்பினால் அங்கே இருப்பவர் அதை டவுன்லோட் செய்த நிமிஷமே தொலைத்துவிடுவார். `Receipt-14_Bill-22.pdf` என்று வைத்தால் இரண்டு வருஷம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும். இணைத்தீர்களா என்று அனுப்புவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ‘ரசீது இணைத்துள்ளேன்’ என்று எழுதிவிட்டு இணைக்காமல் அனுப்புவது எனக்கே மாதம் ஒரு தடவை நடக்கிறது.

அடுத்தது அந்த ‘மழை முடிந்த பிறகு’. எந்த மழை தம்பி? ஆகஸ்டிலும் தூறல் போடும். உங்கள் பக்கம் நல்ல மழை என்றால் அக்டோபரில் தொடங்குகிற வடகிழக்குப் பருவமழைதான், அது டிசம்பரோடு ஓயும். இரண்டு பேரும் அதைத்தான் மனதில் வைத்துப் பேசியிருப்பீர்கள், ஆனால் எழுதி வைக்கவில்லை. இந்த மெயிலில் ஒரு தேதியாக மாற்றிவிடுங்கள். ஜனவரி 15 என்று போடாதீர்கள், பொங்கல் லீவில் பனியன் கம்பெனிகளில் ஆளே இருக்க மாட்டார்கள். ஜனவரி 20 என்று போட்டு, ‘வேறு தேதி என்றால் சொல்லுங்கள்’ என்று சேர்த்துவிடுங்கள். கேட்டு வாங்குகிற மாதிரி இருக்காது, குறித்து வைத்துக்கொள்கிற மாதிரி இருக்கும். இன்னொன்று, நீங்கள் 54,000 ஜிஎஸ்டியை முழுத் தொகைக்கும் சேர்த்து ஏற்கெனவே கட்டியிருப்பீர்கள் அல்லது இந்த மாதம் கட்டப்போகிறீர்கள், நிறுத்திவைத்த 15,000க்கும் சேர்த்துத்தான். அது வராமல் போனால் வராத பணத்துக்கு வரி கட்டியதாகிவிடும். ஒரு தேதி கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

நன்றி சொல்வதைப் பற்றிக் கேட்டீர்கள். ‘தங்கள் மேலான ஆதரவு’ கல்யாணப் பத்திரிகைக்குப் பொருந்தும். ஓனர் இப்படி நூறு பார்த்திருப்பார், கண்ணே நிற்காது. எதற்கு நன்றி என்று சொல்லுங்கள். உங்கள் பில்லில் 30 நாள் கெடு போட்டிருந்து 19ஆம் நாளே பணம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அதைச் சொல்லுங்கள்: ‘30 நாள் கெடு இருந்தும் 19 நாளில் அனுப்பிவிட்டீர்கள், ஆட்களுக்கு வாரக்கூலி கொடுக்க உதவியாக இருந்தது’. அக்கவுண்ட்ஸில் இருப்பவருக்கு இது ஓனருக்குக் காட்டிக்கொள்ள ஒரு நல்ல வரி. அடுத்த பில்லை அவர் எந்த அடுக்கில் வைப்பார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். லேட்டாக வந்திருந்தால் பொய்யாக வேகத்தைப் புகழ வேண்டாம், ‘பணம் கிடைத்தது, நன்றி’ போதும்.

இனி நீங்கள் தயங்குகிற விஷயம், தரைத்தொட்டி வேலை. தாராளமாக எழுதலாம், எழுதத்தான் வேண்டும். பணம் வந்த மறுநாள் உங்கள் மெயிலைத் திறந்து படிப்பார்கள், பத்து நாள் கழித்துத் தனியாக எழுதினால் அது இன்னொரு காண்ட்ராக்டர் மெயில். அலைகிற மாதிரி தோன்றுவது எப்போது என்றால், ‘வேறு ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்’, ‘பெயிண்டிங், டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங் எல்லாம் செய்து தருகிறோம்’ என்று நீட்டும்போதுதான். பேசி வைத்த வேலையின் தேதியைச் சொல்வது அலைவது ஆகாது. அவர்களுக்குத் தேவையான தகவல் அது.

ஆனால் எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில்தான் சிக்கல். ஓனர் வாயால் சொன்னது திட்டம், பி.ஓ. வந்தால்தான் ஆர்டர். ‘ஆகஸ்ட் 18 அன்று வேலை தொடங்குகிறோம்’ என்று நீங்கள் எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள். பி.ஓ. வராமலே அவர்கள் மெயின்டனன்ஸ் ஆள் 17ஆம் தேதி தொட்டியைக் காலி செய்துவிடுவார், நீங்களோ பி.ஓ. இல்லாமல் மெட்டீரியல் வாங்கத் தயங்கி உட்கார்ந்திருப்பீர்கள், தண்ணீர் இல்லாமல் அங்கே தையல் யூனிட்டில் சண்டை நடக்கும். இல்லாவிட்டால் நேர் எதிராக நடக்கும். நீங்கள் மெட்டீரியலை வாங்கி இறக்கிவிடுவீர்கள், ஓனர் “இந்த மாதம் ஷிப்மென்ட் இருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம்” என்பார். எது நடந்தாலும் உங்கள் மெயிலைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

அதனால் திட்டத்தைத் திட்டமாகவே எழுதி, எது நடந்தால் அந்தத் தேதி நிற்கும் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பி.ஓ. எந்தத் தேதிக்குள் வேண்டும்? மெட்டீரியல் வாங்க, ஆள் சொல்ல ஒரு வாரம் என்றால் ஆகஸ்ட் 11. அவர்கள் பக்கம் செய்ய வேண்டியது என்ன? 17ஆம் தேதி சாயங்காலத்துக்குள் தொட்டி காலியாகியிருக்க வேண்டும். மறுநாள் கழுவி, விரிசல் அடைத்து, இரண்டு கோட் அடிக்க இரண்டு நாள். சிமென்ட் வகைக் கோட்டிங் என்றால் அதற்குப் பிறகு ஒரு வாரம் தண்ணீர் விடாமல் வைக்கச் சொல்வீர்கள் இல்லையா, ஆக 27ஆம் தேதிவரை அந்தத் தொட்டி அவர்களுக்கு இல்லை. ஒன்பது, பத்து நாள். இத்தனை ஆட்கள் வேலை செய்கிற இடத்தில் கக்கூஸுக்கும் குடிக்கவும் லாரித் தண்ணீருக்கு அவர்கள் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். தொட்டிக்குள் ஆள் இறங்குமுன் காற்றை வெளியேற்ற ப்ளோயர் வைப்பீர்கள், அதற்குப் பக்கத்தில் ஒரு பவர் பாயிண்ட் வேண்டும். இந்த விவரங்களைப் படிக்கிற மேனேஜருக்கு, இவன் பணத்துக்காக எழுதவில்லை, வேலை தெரிந்து எழுதுகிறான் என்று உங்கள் கேள்விக்கான பதில் தானாகத் தெரிந்துவிடும்.

விலையை இந்த மெயிலில் திரும்ப எழுதாதீர்கள். கொட்டேஷன் எண்ணை மட்டும் சொல்லுங்கள். விலையைப் பார்த்ததும் பேரம் பேசத் தோன்றும், நன்றி மெயிலுக்குப் பதிலாக ‘5 சதவீதம் குறையுங்கள்’ என்று வரும். கொட்டேஷனுக்குச் செல்லுபடித் தேதி போட்டிருந்து அது ஆகஸ்டுக்குள் முடிகிறது என்றால் அதை மட்டும் நினைவுபடுத்தலாம்.

அட்வான்ஸ் பேசியிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. வாங்குவதாக இருந்தால் ஒரு விஷயம். உங்கள் வேலை ஜிஎஸ்டி கணக்கில் சேவை, பொருள் விற்பனை இல்லை, ஆகவே அட்வான்ஸ் கைக்கு வந்த மாதத்துக் கணக்கிலேயே அதில் அடங்கிய வரியைக் கட்ட வேண்டும். சாமான் விற்கும் கடைக்காரருக்கு இந்தத் தொல்லை 2017 நவம்பரிலேயே போய்விட்டது, நமக்குப் போகவில்லை. 35,400 ரூபாய் அட்வான்ஸ் வந்தால் அதில் 5,400 ரூபாய் வரி. அதற்கு மேலே சொன்ன சாதா ரசீது போதாது, வரியைப் பிரித்துக் காட்டிய ரசீது வவுச்சர் என்று தனி எண் வரிசையில் கொடுக்க வேண்டும். உங்கள் ஆடிட்டரிடம் கேட்டால் மாதிரி கொடுப்பார். இப்போது அனுப்புகிற ரசீதில் அதைக் கலக்காதீர்கள், இது முடிந்த வேலைக்கு, அது வரப்போகிற வேலைக்கு.

எல்லாம் சேர்த்தால் மெயில் இவ்வளவுதான். தலைப்பு: ‘பில் 22 பணம் கிடைத்தது, ரசீது 14 இணைப்பு, தரைத்தொட்டி வேலை ஆகஸ்ட் 18’.

வணக்கம்.

பில் 22க்கான 3,36,000 ரூபாய் நேற்று (28 ஜூலை) எங்கள் கணக்கில் வந்தது. 30 நாள் கெடு இருந்தும் 19 நாளில் அனுப்பியதற்கு நன்றி, ஆட்கள் கூலிக்கு உதவியாக இருந்தது. ரசீது எண் 14 இணைத்துள்ளேன். டிடிஎஸ் 3,000 போக, ஒப்பந்தப்படி நிறுத்திவைத்த 15,000 மட்டும் இந்த பில்லில் நிற்கிறது. அதை மழைக்காலம் முடிந்து ஜனவரி 20 என்று குறித்துக்கொள்கிறேன், வேறு தேதி என்றால் சொல்லுங்கள். டிடிஎஸ் சான்றிதழ் தயாரானதும் அனுப்பிவைத்தால் நல்லது.

மேனேஜர் அவர்கள் கவனத்துக்கு: பேசியபடி தரைத்தொட்டிக் கோட்டிங்கை (கொட்டேஷன் 31) ஆகஸ்ட் 18 தொடங்கத் திட்டமிட்டிருக்கிறோம். பி.ஓ. ஆகஸ்ட் 11க்குள் கிடைத்தால் இந்தத் தேதி நிற்கும். 17 மாலைக்குள் தொட்டி காலியாக இருக்க வேண்டும், 27 வரை தண்ணீர் விட முடியாது என்பதால் அதுவரை மாற்றுத் தண்ணீருக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தொட்டி வாயருகே ஒரு பவர் பாயிண்ட் வேண்டும். மாடியில் எங்காவது ஓதம் தெரிந்தால் அன்றைக்கு வரும்போது பார்த்துவிடுகிறேன், போட்டோ எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
(பெயர், போன் எண்)

அந்தக் கடைசி வரி, மாடியில் ஓதம் பார்ப்பது, நான் யோசித்துத்தான் சேர்த்தேன். 15,000 நிற்பதே மாடி ஒழுகாமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான். ஆகஸ்டிலேயே ஒரு தடவை நீங்களாகவே ஏறிப் பார்த்து, பாரபெட் ஓரத்திலோ குழாய் இறங்குகிற இடத்திலோ ஏதாவது இருந்தால் தொட்டி வேலையோடு சேர்த்துச் சரி செய்துவிட்டால், ஜனவரியில் காரணம் சொல்ல அவர்களுக்கு ஒன்றும் இருக்காது.

டிடிஎஸ் சான்றிதழ் பற்றி: ஜூலையில் பிடித்ததற்கு செப்டம்பர் காலாண்டு முடிந்து, அவர்கள் கணக்குத் தாக்கல் செய்து, உங்கள் கைக்கு வர நவம்பர் நடுவாகிவிடும். அதற்கு முன்னால் போன் செய்து கேட்டுப் பயனில்லை. நவம்பர் கடைசியில் வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணுக்கு 3,000 வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அப்போது கேளுங்கள்.

யாருக்கு அனுப்புவது என்பதும் முக்கியம். அக்கவுண்ட்ஸுக்கு மட்டும் அனுப்பினால் அவர் ரசீதைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் போட்டுவிடுவார், தரைத்தொட்டிப் பத்தி அங்கேயே செத்துப்போகும், அதை மேனேஜருக்குத் திருப்பி அனுப்புவது அவர் வேலை இல்லை. மேனேஜருக்கு மட்டும் அனுப்பினால் ரசீது போய்ச் சேராது, மறுபடி கேட்பார்கள். இரண்டு பேரையும் ஒரே மெயிலில் போடுங்கள், அதனால்தான் இரண்டாவது பத்தியை ‘மேனேஜர் அவர்கள் கவனத்துக்கு’ என்று பிரித்திருக்கிறேன். அனுப்பிவிட்டு மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி: ‘அண்ணா, மெயில் போட்டிருக்கிறேன், தொட்டி வேலைக்கு 11ஆம் தேதிக்குள் பி.ஓ. வேண்டும்.’ ஓனருக்குத் தனியாக எதுவும் வேண்டாம், வாயால் சரி சொன்னவரிடம் மறுபடி போய் உறுதி கேட்டால் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

கடைசியாக அந்த 4,720. இந்த மெயிலிலும் ரசீதிலும் அதன் மூச்சே வரக் கூடாது. வந்த பணத்திலிருந்து அதைக் கழித்துக்கொள்ளலாமா என்று ஒரு யோசனை உங்களுக்கு இருக்கலாம், அதனால்தான் சொன்னீர்களோ என்னவோ. முடியாது. எந்த பில்லுக்கு என்று சொல்லாமல் ஒருவர் மொத்தமாகப் பணம் கொடுத்தால் பழைய பாக்கியில் வரவு வைக்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் இங்கே டிடிஎஸும் நிறுத்திவைத்ததும் போக பில் 22க்கு எவ்வளவு வரவேண்டுமோ ரூபாய் பிசகாமல் அவ்வளவு வந்திருக்கிறது, வாயால் சொல்லாவிட்டாலும் எதற்கு என்று தொகையே சொல்லிவிட்டது. அடுத்த வாரம் அந்தப் பழைய பில்லின் காப்பியை இணைத்து அக்கவுண்ட்ஸுக்கு மட்டும் தனியாக ஒரு மெயில் போடுங்கள். பெரும்பாலும் அது அவர்கள் கைக்கே போய்ச் சேர்ந்திருக்காது, செக்யூரிட்டி ரூமில் கொடுத்துவிட்டு வந்த பில்லாகத்தான் இருக்கும்.